சோழியும் நீலத்துணியும்: கடல்கடந்த அடிமை வணிகத்தின் கணக்கு

நம் வீடுகளில் தாயம் உருட்டவும் பல்லாங்குழி ஆடவும் பயன்படும் சோழியை அறியாதவர் இல்லை. கெடாவின் தோட்டத்து லயங்களில் வளர்ந்த தலைமுறைக்கு அது மாலை நேர விளையாட்டின் பொருள். பழைய மருத்துவ நூல்களில் அதற்குப் பலகறை என்றும், அகராதிகளில் கவடி என்றும் பெயர். இந்தச் சிறிய வெள்ளை ஓடு, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் மனிதரை விலைக்கு வாங்கும் நாணயமாக இருந்தது. அதனோடு சேர்ந்து மனித விலையாகச் சென்ற மற்றொரு பொருள், தமிழகக் கடற்கரையில் நெய்து, அவுரியில் தோய்த்து எடுத்த நீலத்துணி.

அடிமை வணிகத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் சாட்டையையும் சங்கிலியையும் நினைக்கிறோம். அவை உண்மை. ஆயினும் மூன்றரை நூற்றாண்டுகள் ஒரு வணிகம் நிலைத்து நின்றதற்குக் கொடுமை மட்டும் காரணமாக இருக்க இயலாது. சரக்கு, கடன், காப்புறுதி, வட்டி, உண்டியல் ஆகிய அனைத்தும் ஒழுங்காக இயங்கியமையால்தான் அது நிலைத்தது. அந்த இயக்கத்தை, நம் கடலிலிருந்து புறப்பட்ட இவ்விரு பொருள்களின் வழியே தொடர்ந்து பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

சரக்கு சென்ற வழி

அட்லாண்டிக் வணிகத்திற்குச் சென்ற சோழியின் முதன்மையான விளைநிலம் மாலத்தீவு. அங்கிருந்து அது இலங்கைத் துறைமுகங்களுக்கும் வங்காளத்திற்கும் வந்தது. ஒல்லாந்தக் கம்பெனியும் ஆங்கிலக் கம்பெனியும் அதை வாங்கித் தம் கப்பல்களின் அடித்தட்டில் நிரப்பின. மிளகும் துணியும் எடை குறைந்த சரக்குகள். கப்பல் கவிழாமல் நிற்க அடியில் பாரம் வேண்டும். கல்லுக்குப் பதிலாகச் சோழியை இட்டால் பாரமும் ஆயிற்று, ஆம்ஸ்டர்டாமிலும் இலண்டனிலும் விற்கும் பண்டமும் ஆயிற்று. அங்கு நடந்த ஏலங்களில் அடிமைக் கப்பல் முதலாளிகள் அதனை வாங்கினர். 18 ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் கோடி சோழிகள் இவ்வாறு ஐரோப்பா வழியாக மேற்கு ஆப்பிரிக்காவை அடைந்தன என்பது ஆய்வாளர் கணக்கு.

துணியின் கதை இதைவிட நெருக்கமாக நம்மைத் தொடுகிறது. நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, சதுரங்கப்பட்டினம், பழவேற்காடு, புதுச்சேரி ஆகிய இடங்களைச் சுற்றியிருந்த ஊர்களில் கைக்கோளரும் பிற நெசவாளரும் நெய்த நீண்ட பருத்தித் துணிக்கு ஐரோப்பிய வணிகர் இட்ட பெயரே 'கினித் துணி' என்பதாகும். துணி நெய்யப்பட்டது சோழமண்டலக் கரையில். பெயரோ அது போய்ச் சேர வேண்டிய ஆப்பிரிக்கக் கரையின் பெயர். ஒரு பொருளின் பெயரிலேயே அதன் வணிகப் பாதை பதிந்திருப்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று அரிது. இங்கிலாந்தில் 1663 இல் அச்சிட்ட பொன் நாணயத்திற்கும் 'கினி' என்றே பெயர் வழங்கியது. அதன் பொன் அதே கரையிலிருந்து வந்தது.

இத்துணி ஏன் ஆப்பிரிக்காவிற்குச் சென்றது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, வாங்குபவரின் தேர்வு. மேற்கு ஆப்பிரிக்க மக்கள் துணியை நன்கு அறிந்தவர்கள், தாமே நெய்தவர்கள். எந்தச் சாயம் வெயிலிலும் நீரிலும் மங்காது என்பதை அவர்கள் தொட்டும் முகர்ந்தும் அறிந்தனர். ஐரோப்பியர் தம் நாட்டில் செய்த போலித் துணிகளை அவர்கள் நெடுங்காலம் ஏற்கவில்லை. இரண்டாவது காரணம், சட்டம். இந்தியத் துணியால் தம் நெசவாளர் நலிவதாகக் கூறி, இங்கிலாந்து 1700 இலும் 1721 இலும் இயற்றிய சட்டங்களால் உள்நாட்டில் அச்சுப் பருத்தித் துணியின் பயன்பாட்டைத் தடுத்தது. பிரான்சும் 1686 முதல் 1759 வரை அவ்வாறே தடுத்தது. ஆனால் மறு ஏற்றுமதிக்குத் தடையில்லை. ஆகவே இலண்டனில் குவிந்த இந்தியத் துணிக்கு ஆப்பிரிக்கக் கரை இயல்பான சந்தையாயிற்று. அக்கரையில் மனிதருக்கு ஈடாகக் கொடுத்த சரக்குகளின் மதிப்பில் துணியே மிகப் பெரிய பங்கு. துப்பாக்கியும் சாராயமும் அதற்குப் பின்னரே வருகின்றன.

தறியில் அமர்ந்திருந்த நெசவாளர் தம் துணி எதற்குப் போகிறது என்பதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. முன்பணம் வாங்கி, தரகரின் கணக்கில் கட்டுண்டு, குறித்த நாளில் குறித்த அளவில் துணி கொடுத்தாக வேண்டிய நிலையில் அவர் இருந்தார். இவ்வணிகத்தின் இயல்பே அதுதான்: ஒவ்வொரு கண்ணியிலும் நிற்பவர் தமக்கு முன்னும் பின்னும் உள்ள கண்ணியை மட்டுமே கண்டார்.

கரையில் நடந்த பேரம்

இன்றைய பெனின் நாட்டிலுள்ள ஊய்தா துறைமுகத்தில் சோழி எண்ணும் முறை வகுத்திருந்தார்கள். நாற்பது சோழி ஒரு சரம்; ஐந்து சரம் சேர்ந்தால் இருநூறு; அத்தகைய இருபது கட்டுகள் சேர்ந்தால் நாலாயிரம். நாலாயிரம் சோழியின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓர் இளைஞனின் விலை ஓர் இலட்சம் சோழிக்கும் மேற்பட்ட மதிப்புடையதாயிற்று. முழுத் தொகையையும் சோழியாக எவரும் கொடுப்பதில்லை. ஒரு பகுதி சோழி, ஒரு பகுதி துணி, மீதி புகையிலை, சாராயம், வெடிமருந்து, இரும்பு என்று கலந்தே கொடுத்தனர். எந்தப் பொருள் எவ்வளவு என்பதில்தான் பேரத்தின் திறமை இருந்தது.

ஐரோப்பியர் உள்நாட்டிற்குள் புகுந்து ஆள் பிடித்தனர் என்று பலர் எண்ணுகின்றனர். தொடக்க காலத்தில் சில இடங்களில் அவ்வாறு நடந்தது. பின்னர் அது பெரும்பாலும் நின்றுவிட்டது. கரையோரக் காய்ச்சலும் உள்நாட்டு அரசுகளின் வலிமையும் அவர்களைக் கரையிலேயே நிறுத்தின. பிடித்தவர்கள் உள்நாட்டுப் படைகள். கொண்டுவந்தவர்கள் உள்நாட்டு வணிகர்கள். 'ஆப்பிரிக்கர் ஆப்பிரிக்கரை விற்றனர்' என்று கூறித் தீர்ப்பு வழங்குவோர் ஒன்றை மறக்கின்றனர். விற்றவருக்கும் விற்கப்பட்டவருக்கும் 'ஆப்பிரிக்கர்' என்னும் பொதுப்பெயர் அக்காலத்தில் இல்லை. ஒருவர் வேற்று மொழியினர், வேற்று அரசின் குடிகள், போரில் தோற்றவர், கடன்பட்டவர். நம் சோழரும் சாளுக்கியரும் தம்மை 'ஆசியர்' என்று எண்ணிப் போரிடாமல் இருந்ததில்லை அல்லவா?

இப்பேரத்தில் கடன் எவ்வாறு இயங்கியது என்பதற்குப் பழைய காலபார் துறைமுகம் தெளிவான எடுத்துக்காட்டு. அது இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கில், குறுக்காற்றின் கரையில் உள்ளது. அங்கு எஃபிக் மொழி பேசிய வணிகர்கள் இருந்தனர். லிவர்பூலிலிருந்து வந்த கப்பல் தலைவர், துணியையும் பிற சரக்குகளையும் அவர்களிடம் முன்னதாகவே ஒப்படைப்பார். அவர்கள் அதைக்கொண்டு உள்நாட்டுச் சந்தைகளில் ஆள்களை வாங்கி வரவேண்டும். அதற்குப் பல மாதங்கள் ஆகும். சரக்கைப் பெற்றவர் திரும்பி வருவார் என்பதற்கு என்ன உறுதி? அவர் தம் மகனையோ, உறவினரையோ, சார்ந்தவரையோ கப்பலில் பிணையாக விட்டுச் செல்வார். குறித்த காலத்திற்குள் ஆள்கள் வந்து சேர்ந்தால் பிணையாள் விடுதலை பெறுவார். வராவிடில் கப்பல் பிணையாளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடும்.

அடகு வைக்கும் வழக்கம் அச்சமூகத்தில் முன்பே இருந்தது. கடன் தீரும்வரை ஒருவர் கடன் கொடுத்தவரிடம் உழைப்பார். உழைத்தாலும் அவர் உறவும் குலமும் உடையவராகவே இருப்பார். கப்பல் வணிகம் அந்தப் பழைய முறையை எடுத்துக்கொண்டு, தவறினால் மீளவே முடியாத கடல் தாண்டிய அடிமைத்தனமாக அதனை மாற்றிவிட்டது. அவ்வூர் வணிகர் அன்தேரா டியூக் 1785 முதல் 1788 வரை எழுதிய நாட்குறிப்பு கிடைத்துள்ளது. கலப்பு ஆங்கிலத்தில் எழுதிய அக்குறிப்பு மொழியியலாளருக்கு ஓர் அரிய ஆவணம். அதில் விருந்தும் சடங்கும் கப்பல் வரவும் ஆள் விற்பனையும் ஒரே நடையில், அன்றாடச் செய்திகளாகப் பதிந்துள்ளன.

கப்பலும் காப்புறுதியும்

1501 முதல் 1866 வரை அட்லாண்டிக்கைக் கடக்க ஏற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தைந்து இலட்சம் பேர். கரையேறியவர்கள் ஒரு கோடியே ஏழு இலட்சம் பேர். இடைப்பட்டவர்கள் கடலில் மாண்டனர். ஏழு பேரில் ஒருவர் என்று கொள்ளலாம். இதற்கு முன், பிடிபட்ட இடத்திலிருந்து கரைவரை நடந்த வழியிலும், கரைக் கோட்டையின் இருட்டறையிலும் மாண்டவர்கள் இக்கணக்கில் சேரவில்லை.

கப்பலில் மனிதர் எவ்வாறு கணக்கிடப்பட்டனர் என்பதை 'சோங்' என்னும் கப்பலின் வழக்கு காட்டும். 1781 ஆம் ஆண்டு அது அக்ராவிலிருந்து 442 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அதன் அளவுக்கு அது மிகையான சுமை. பயணத்தில் நோய் பரவியது; பலர் இறந்தனர். ஜமைக்காவை நெருங்கியபோது வழி தவறிக் கடந்து சென்றுவிட்டனர். குடிநீர் போதாது என்று கூறி, நவம்பர் மாத இறுதியில் தொடங்கிச் சில நாள்களில் 130 பேருக்கும் மேற்பட்டோரை உயிருடன் கடலில் தள்ளினர்.

ஏன்? நோயால் இறந்தவருக்குக் காப்புறுதிப் பணம் இல்லை. கப்பலைக் காக்கும் பொருட்டு எறிந்த சரக்கிற்கு உண்டு. தலைக்கு 30 பவுண்டு என்று கப்பல் உரிமையாளர் கோரினர். 1783 இல் இலண்டனில் முதலில் விசாரித்த நடுவர் குழு அவர்களுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. காப்புறுதியாளர் மேல்முறையிட்டபோது, இடையில் மழை பெய்து நீர் கிடைத்த பின்னரும் சிலரைத் தள்ளினர் என்பது வெளிப்பட்டது. மறு விசாரணைக்கு நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு இடமளித்தார். எந்த நிலையிலும் அது கொலை வழக்காகவில்லை. சரக்கு இழப்பு வழக்காகவே நடந்தது. அக்கணக்கு முறையின் உள்ளியல்பு இவ்வழக்கில் வெளிப்பட்டதைப்போல் வேறெங்கும் வெளிப்பட்டதில்லை. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற ஒலாவுதா எக்குவியானோ இச்செய்தியைக் கிரன்வில் சார்ப்பிடம் கொண்டு சேர்த்தார். பின்னாளில் எழுந்த ஒழிப்பியக்கத்திற்கு அது வலுச் சேர்த்தது.

கரும்பின் கணக்கு

இத்தனை இழப்பிற்குப் பின்னும் வணிகம் எவ்வாறு இலாபம் தந்தது? விடை கரும்பில் உள்ளது. கரும்பு வெட்டிய ஒன்றிரண்டு நாள்களில் ஆலைக்குச் செல்ல வேண்டும். இல்லாவிடில் சாறு கெடும். எனவே அறுவடைக் காலத்தில் இரவும் பகலும் வேலை. அவ்வேலைக்கு விரும்பி வருவோர் இல்லை. தோட்ட முதலாளியின் கணக்கு இவ்வாறு அமைந்தது: ஒரு குழந்தையை வளர்த்து ஆளாக்கும் செலவைவிட, வளர்ந்த இளைஞனை விலைக்கு வாங்கிச் சில ஆண்டுகள் உழைக்கச் செய்து, அவன் மாண்டபின் மற்றொருவனை வாங்குவது மலிவு.

இக்கணக்கின் விளைவை ஜமைக்காவில் காணலாம். அத்தீவில் ஏறத்தாழ பத்து இலட்சம் ஆப்பிரிக்கர் கரையேற்றப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினர் பிற இடங்களுக்கு மறுவிற்பனையாயினர் என்பதைக் கழித்தாலும், 1834 இல் விடுதலை வந்தபோது அங்கு எஞ்சியிருந்தோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரே. பிறப்பைவிட இறப்பு மிகுந்திருந்ததால் புதிய கப்பல்கள் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தன.

பாடநூல்களில் காணும் முக்கோண வணிகப் படத்தையும் சற்றுத் திருத்த வேண்டும். அடிமைக் கப்பல் சர்க்கரை நிரம்பித் திரும்பியது என்று அப்படம் காட்டும். உண்மையில் தோட்ட முதலாளியிடம் ரொக்கம் இராது. ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை தவணையுள்ள உண்டியலை அவர் எழுதிக் கொடுப்பார். இங்கிலாந்திலுள்ள வணிக நிறுவனம் ஒன்று அதற்குப் பொறுப்பேற்கும். அடிமைக் கப்பல் அந்தக் காகிதத்தோடு, பெரும்பாலும் குறைந்த சரக்கோடு திரும்பிவிடும். சர்க்கரையை வேறு கப்பல்கள் கொண்டு சென்றன. ஆகவே இவ்வணிகத்தைத் தாங்கிய உண்மையான தூண், இலண்டனிலும் லிவர்பூலிலும் கொடுத்த கடன்.

ஆப்பிரிக்கச் சமூகங்களுக்கு நேர்ந்தது

கொங்கோ அரசர் அபொன்சோ கிறித்தவம் தழுவியவர், போர்த்துகலோடு நட்புடையவர். 1526 இல் அவர் போர்த்துகல் அரசருக்கு எழுதிய கடிதத்தில், வணிகரின் பண்டங்களுக்கு ஆசைப்பட்டுத் தம் குடிமக்களையும் உயர்குடிப் பிள்ளைகளையும் தம் உறவினரையுமே கடத்தி விற்கின்றனர் என்று முறையிட்டார். வணிகம் தொடங்கிய ஒரு தலைமுறைக்குள்ளேயே அரசரால் அதைக் கட்டுப்படுத்த இயலாமல் போனமைக்கு இது சான்று.

முதல் விளைவு, மக்கள் தொகையின் அமைப்பில் தோன்றியது. கடல் கடத்தப்பட்டவரில் மூவரில் இருவர் ஆண்கள், பெரும்பாலோர் இளைஞர். அங்கோலாவில் 1777-78 இல் எடுத்த கணக்கெடுப்பில், வயதுவந்த பெண்கள் ஆண்களைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இருந்தனர். உழவும் சுமையும் பெண்கள் தலையில் விழுந்தன. ஒரே ஆணைச் சார்ந்த மனைவியர் பெருகினர்.

இரண்டாவது விளைவு, நீதியில் தோன்றியது. முன்பு தண்டமோ இழப்பீடோ செலுத்தித் தீர்த்த குற்றங்களுக்கு இப்போது விற்பனையே தண்டனையாயிற்று. பிறனில் விழைதல், சூனியம், கடன் ஆகிய குற்றச்சாட்டுகள் பெருகின. ஏனெனில் தீர்ப்பு வழங்கியவருக்கு அதில் வருவாய் இருந்தது. பியாபிராக் கரையின் உள்நாட்டில் அரோ என்னும் வணிகக் குழுவினரின் புகழ்பெற்ற குறிசொல்லும் தலத்தில் வழக்குத் தோற்றவர்கள் தெய்வத்தால் விழுங்கப்பட்டதாகக் கருதப்பட்டு, உண்மையில் கரைக்கு அனுப்பப்பட்டனர்.

மூன்றாவது விளைவு, அரசியலில் தோன்றியது. தகோமி அரசர் அகாஜா 1724 இல் அல்லடாவையும் 1727 இல் ஊய்தாவையும் வென்று கரையை அடைந்தார். அதன்பின் அவ்வரசின் கருவூலம் அடிமை விற்பனையோடு பிணைந்தது. விற்காத அண்டை அரசுக்குத் துப்பாக்கியும் வெடிமருந்தும் கிடைக்கவில்லை. அது பிறரால் விற்கப்படும் நிலைக்கு ஆளாயிற்று. தீமை என்று அறிந்தவரும் விலக இயலாத ஒரு பொறி இது.

இவற்றுக்கு ஈடாக அச்சமூகம் பெற்றது என்ன? சோழி உண்ணத் தகாதது, கருவியாகாது. துணி கிழிந்து போகும். சாராயம் தீர்ந்து போகும். துப்பாக்கி அடுத்த போருக்கு உதவும். உழைக்கும் கைகள் போயின. அவற்றின் இடத்தில் உற்பத்தியைப் பெருக்கும் எதுவும் வரவில்லை. 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் கிழக்கு ஆப்பிரிக்கச் சோழி பெருமளவில் இறக்குமதியானபோது, பல தலைமுறையாகச் சேர்த்து வைத்திருந்த சோழியின் மதிப்பும் சரிந்தது.

இதன் நிழல் எவ்வளவு நீண்டது என்பதைப் பொருளியலாளர் நாதன் நன் 2008 இல் வெளியிட்ட ஆய்வில் ஆராய்ந்தார். மிகுதியாக ஆள்களை இழந்த பகுதிகளே இன்று வறுமை மிகுந்தவையாக உள்ளன என்று கண்டார். 2011 இல் லியோனார்டு வாண்ட்செகோனோடு இணைந்து, அப்பகுதி மக்களிடம் அண்டை அயலாரையும் உறவினரையும் நம்பும் இயல்பு குறைந்திருப்பதாகக் காட்டினார். இங்கு எல்லையையும் கூற வேண்டும். ஆப்பிரிக்கா முழுவதும் ஒரே அளவில் பாதிக்கப்படவில்லை. கானோ போன்ற நகரங்களில் உள்நாட்டு நெசவு தழைத்தே இருந்தது. பின்னர் வந்த குடியேற்ற ஆட்சியின் தீங்கை முழுவதும் அடிமை வணிகத்தின்மேல் ஏற்றுவதும் பிழை.

நம் சொல்லும் அதன் அளவும்

பிரிட்டன் 1807 இல் அடிமை வணிகத்தையும், 1833 இல் இயற்றிய சட்டத்தால் தன் குடியேற்ற நாடுகள் பெரும்பாலானவற்றில் அடிமை முறையையும் ஒழித்தது. இழப்பீடாக 2 கோடி பவுண்டு வழங்கப்பட்டது. அது உரிமையாளருக்கு, உழைத்தவருக்கு ஒரு காசும் இல்லை. விடுதலை நடைமுறைக்கு வந்த 1834 ஆம் ஆண்டிலேயே 'அட்லஸ்' கப்பல் 36 இந்தியத் தொழிலாளரை மொரீசியசில் இறக்கியது. 1840களில் பினாங்கிற்கு எதிரே, அன்று புரோவின்ஸ் வெல்லெஸ்லி எனப்பட்ட செபராங் பிறையில் ஐரோப்பியரின் கரும்புத் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர் அங்கு ஒப்பந்தக் கூலிகளாயினர். கரும்புக்குப் பின் ரப்பர் வந்தது. கூலிமும் சுங்கை பட்டாணியும் பீடோங்கும் பால்மரக் காடுகளாயின. ஒப்பந்த முறை 1910 இல் மலாயாவில் முடிவுற்றது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது.

அதனால்தான் நம் மேடைகளில் 'நம் முன்னோர் அடிமைகளாக வந்தனர்' என்று பலர் முழங்குகின்றனர். அவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆயினும் சொல்லை அளந்து வழங்குவதே முறை. ஒப்பந்தக் கூலி கடனால் கட்டுண்டவர். ஓடினால் சிறை சென்றவர். ஏமாற்றி ஏற்றப்பட்டவரும் பலர். ஆனால் ஒப்பந்தத்திற்கு ஒரு முடிவு நாள் இருந்தது. அவருடைய குழந்தை எவருடைய உடைமையும் அன்று. அவரைச் சந்தையில் மறுவிற்பனை செய்ய இயலாது. அவர் ஊருக்குக் கடிதம் எழுதலாம். சிலர் திரும்பியும் சென்றனர். காலபாரில் ஏற்றப்பட்டவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவர் பெயரும் மொழியும் கூட அழிந்தன.

அதே வேளையில், 'அடிமை' என்னும் சொல் எவ்விதத் தயக்கமுமின்றிப் பொருந்தும் தமிழரும் இருந்தனர். 1659-61 இல் தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது, நாகப்பட்டினத்தில் ஒல்லாந்தர் ஆயிரக்கணக்கானோரை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவிற்கும் அனுப்பினர். பசியில் தம்மையும் தம் மக்களையும் விற்றவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி நம் மேடைகளில் ஒருவரும் பேசுவதில்லை. ஒரே துறைமுகத்திலிருந்து, ஒரே கம்பெனியின் கப்பல்களில், ஆப்பிரிக்கரை வாங்கப் பயன்படும் துணியும் சென்றது. தமிழ் அடிமைகளும் சென்றனர். கூலி, கொத்தடிமை, அடிமை ஆகிய மூன்று சொற்களையும் அவற்றிற்குரிய மனிதர்மீது மட்டும் வழங்கினால், அம்மூவகை மனிதரும் நம் நினைவில் தனித்தனியே நிற்பர். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கினால், முதலில் மறைந்து போகிறவர் மிகுதியாக இழந்தவரே.